தேசிக்காய் மின்கலம்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

தேசிக்காயில் ஒரு ஆணியும் ஒரு செம்புக் கம்பியும் குத்தி மானியைத் தொட்டால் 0.9 வோல்ற்று வந்துவிடும். அதோடு பாடம் முடிந்தது என்று நினைத்து விளக்கை இணைத்தால் விளக்கு எரியாது. ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் எங்கே நடக்கின்றன, எது எதைத் தடுக்கிறது என்பதைக் காட்டுவதற்கு அந்த எரியாத விளக்குத்தான் நல்ல இடம். எனவே கீழே ஒவ்வொரு பிழையையும், அது எந்த மின்வாயில் இலத்திரனின் வழியை மறிக்கிறது என்பதோடு சேர்த்து எழுதியிருக்கிறோம்.

முதலில் சரியான அமைப்பு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். தோல் மெல்லிய, கனமான தேசிக்காயை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். தோல் வெடிக்காமல் உள்ளே சாறு கசிய வேண்டும். நாகம் பூசிய கூரை ஆணி ஒன்றையும், வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் 1/1.13 வயரில் உறையை உரித்த கம்பி ஒன்றையும் 2 செ.மீ. இடைவெளியில், 2.5 செ.மீ. ஆழத்துக்குக் குத்துங்கள். உள்ளே இரண்டும் முட்டக் கூடாது. மல்டிமீற்றரை நேரோட்ட வோல்ற்று வீச்சில், 2000m அல்லது 20 என்ற எண்ணில் வையுங்கள். கறுப்பு முனையை ஆணியிலும் சிவப்பு முனையைச் செம்பிலும் தொட்டால் 0.9 முதல் 1.0 வோல்ற்றுக்குள் வர வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான்:

```
நாகம் (அனோட்டு, − முனை):   Zn → Zn²⁺ + 2e⁻
செம்பு (கதோட்டு, + முனை):   2H⁺ + 2e⁻ → H₂
```

இரண்டாவது வரியில் செம்பின் குறியீடே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

மானி பூச்சியம் காட்டுகிறது, அல்லது இலக்கங்கள் துள்ளுகின்றன

பத்தில் எட்டுத் தடவை இது இரசாயனப் பிழையல்ல, தொடுகைப் பிழை. திருகோணமலையில் கடற்கரையை ஒட்டிய பாடசாலைகளில் முதலைக் கவ்விகளின் பற்கள் ஒரு தவணைக்குள் பச்சை பூத்தோ துருப்பிடித்தோ போய்விடும். அந்தப் படலம் மின்னைக் கடத்தாது. இரண்டு கவ்விகளையும் ஒன்றோடொன்று கடிக்கவிட்டு, மானியைத் தடை வீச்சில் வைத்துப் பாருங்கள். ஓரிரு ஓமுக்கு மேல் காட்டினால் பற்களைச் சாண்ட்பேப்பரால் தேயுங்கள். பாவித்த பிறகு சாற்றைக் கழுவி, உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் அடுத்த தவணைக்கும் உதவும்.

கவ்வி சரியென்றால் செம்பைப் பாருங்கள். பழைய மோட்டரிலிருந்தோ மின்விசிறியிலிருந்தோ கழற்றிய கம்பி செம்பு நிறத்தில் பளபளக்கும், ஆனால் அதன்மேல் வார்னிஷ் பூசியிருக்கும். சாறு செம்பைத் தொடவே தொடாது. கத்தியால் சுரண்டினால் தூள் தூளாகப் படலம் உதிரும். மலிவான வயர் சிலவற்றில் செம்பு மேற்பூச்சு மட்டுமே, உள்ளே அலுமினியம். நுனியை வெட்டிப் பார்த்தால் வெட்டுமுகம் வெள்ளையாகத் தெரியும். அதைப் பாவிக்க வேண்டாம். சில்லறைக் காசைக் குத்திப் பார்ப்பவர்களும் உண்டு. இன்று கையில் புழங்கும் இலங்கை நாணயங்கள் பெரும்பாலும் உருக்கினால் ஆனவை, அவற்றைச் செம்பாக எண்ணிச் சோதனை செய்யக் கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பூச்சியம் என்றால், உள்ளே ஆணியும் கம்பியும் முட்டிக்கொண்டிருக்கின்றன. நாகம் விடும் இலத்திரன் வெளிவயருக்கு வராமல் உள்ளேயே செம்புக்குப் போய்விடுகிறது. ஒன்றைக் கழற்றி வேறு இடத்தில் குத்துங்கள்.

எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வருகிறது

முனைகள் மாறியிருக்கின்றன, பழுது ஒன்றுமில்லை. ஆனாலும் மாணவர் இதை அவசரமாகத் திருத்திவிட்டுப் போகவிடாதீர்கள். கறுப்பு முனை நாகத்தில் இருக்கும்போது மட்டும் எண் நேராக வருகிறது என்றால், வெளிச்சுற்றில் இலத்திரன் நாகத்திலிருந்துதான் புறப்படுகிறது. இலத்திரனை இழப்பது நாகம், எனவே ஒட்சியேற்றப்படுவதும் நாகம்.

இங்கே தமிழிலேயே ஒரு பொறி இருக்கிறது. 'ஒட்சியேற்றம்' என்ற சொல்லுக்குள் 'ஏற்றம்' இருப்பதால், இலத்திரனை ஏற்பதுதான் ஒட்சியேற்றம் என்று நம்பும் மாணவர் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். அங்கே ஏற்றப்படுவது ஒட்சியேற்ற எண். நாகத்தின் எண் 0 இலிருந்து +2 ஆக ஏறுகிறது. தாழ்த்தலில் தாழ்வதும் அதே எண்தான், ஐதரசனுக்கு +1 இலிருந்து 0 ஆகிறது. எண் ஏறினால் இலத்திரன் போயிருக்கிறது, எண் தாழ்ந்தால் இலத்திரன் வந்திருக்கிறது. இதை மானியின் குறியோடு சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீரும்.

மின்பகுப்பில் அனோட்டு நேர்முனை என்று படித்தவர்கள், இங்கே அனோட்டு எதிர்முனையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அனோட்டு என்பது ஒட்சியேற்றம் நடக்கும் மின்வாயின் பெயர், முனையின் குறி அல்ல. மின்பகுப்பில் வெளியே இருக்கும் மின்கலம் அந்த மின்வாயிலிருந்து இலத்திரனை இழுத்தெடுப்பதால் அது நேர்முனை. இங்கே நாகம் தானாகவே இலத்திரனை வெளியே தள்ளுவதால் அது எதிர்முனை.

0.9 வர வேண்டிய இடத்தில் 0.4, 0.5 வோல்ற்றுத்தான் வருகிறது

ஆணியில் நாகம் போய்விட்டது. இரும்பும் செம்பும் சேர்ந்தால் வருவது ஏறக்குறைய இவ்வளவுதான். நாகத்தின் நியம மின்வாய் அழுத்தம் −0.76 வோல்ற்று, இரும்பினது −0.44. மானியில் குறைந்த அளவுக்கும் இந்த வித்தியாசமே பெரும்பாலும் காரணம்.

ஹாட்வெயார் கடையில் இரண்டு வகை ஆணி கிடைக்கும். பளபளவென்று வழுவழுப்பாக இருப்பதில் நாகப் பூச்சு மிக மெல்லியது. மங்கிய சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, உருக்கிய நாகத்தில் தோய்த்தெடுத்த கூரை ஆணியில் பூச்சு தடிப்பாக இருக்கும். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். செம்பைச் சாண்ட்பேப்பரால் தேய்ப்பது நல்லது. அதே ஆர்வத்தில் ஆணியையும் பலமாகத் தேய்த்தால் இருக்கும் நாகமும் போய்விடும், துணியால் துடைத்தால் போதும். ஒரே ஆணியைப் பல வகுப்புகளுக்குப் பாவித்தால் சாற்றில் அமிழும் பகுதியில் மட்டும் பூச்சுக் கரைந்து, கறுத்த இரும்பு தெரிய ஆரம்பிக்கும். நாகம் தேய்ந்துதான் மின் வருகிறது என்பதற்கு அது கண்ணால் காணும் சான்று. புது ஆணிக்குப் பக்கத்தில் வைத்து வகுப்பில் காட்டுங்கள்.

ஆய்கூடத்தில் நாகத் தகடு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பழைய பற்றரியை உடைத்து நாகம் எடுப்பதை மாணவரிடம் விட வேண்டாம்.

மானியில் 0.9 இருக்கிறது, தொடுத்தால் 3.7 கூட வருகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை

அதிகம் பேர் நின்றுவிடும் இடம் இது, எனவே ஆறுதலாகப் பார்ப்போம்.

இணைத்தது டோர்ச் குமிழ் என்றால் எத்தனை காய் வைத்தாலும் எரியாது. அதற்கு 300 மில்லிஅம்பியர் அளவில் ஓட்டம் வேண்டும். தேசிக்காய் தருவது ஒரு மில்லிஅம்பியருக்கும் குறைவு. சிவப்பு ஒளிகாலும் இருவாயி ஒன்றை எடுங்கள், அது 1.7 வோல்ற்று அளவில் மங்கலாக ஒளிரத் தொடங்கும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 2.6 வோல்ற்றுக்கு மேல் வேண்டும். நீண்ட கால் செம்புப் பக்கம், குறுகிய கால் நாகப் பக்கம்.

அப்படியானால் மானி 0.93 வோல்ற்று காட்டியது பொய்யா? பொய்யல்ல. மானியின் உள்தடை ஏறக்குறைய 10 இலட்சம் ஓம். அது காயிடமிருந்து ஒரு மைக்ரோஅம்பியர் அளவே எடுக்கிறது. எதுவும் எடுக்காதவருக்கு முழு வோல்ற்றும் கிடைக்கும், ஓட்டம் எடுக்கத் தொடங்கினால்தான் கலத்தின் உண்மையான வலு தெரியும். அதை அளக்க 1 கிலோஓம் தடையி ஒன்று போதும், அதில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு வரிகள் இருக்கும். தடையியை ஆணிக்கும் செம்புக்கும் குறுக்கே இணைத்து, அரை நிமிடம் பொறுத்து மறுபடி அளவிடுங்கள்.

ஒரு காய்க்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். திறந்திருக்கையில் 0.93 வோல்ற்று. தடையி இணைத்ததும் 0.33 ஆக விழுகிறது. அப்போது ஓடுவது 0.33 ÷ 1000, அதாவது 0.33 மில்லிஅம்பியர். கலத்துக்குள்ளேயே தொலைந்த வோல்ற்று 0.60. எனவே அகத்தடை 0.60 ÷ 0.00033, ஏறக்குறைய 1800 ஓம்.

இப்போது இப்படிப்பட்ட காய்களைத் தொடராக இணைத்துச் சிவப்பு விளக்கை வையுங்கள். இரண்டு காய்க்கு 1.86 வோல்ற்று. விளக்குக்கு 1.7 போக மிஞ்சும் 0.16 வோல்ற்று 3600 ஓமைத் தாண்ட வேண்டும், ஓட்டம் 0.04 மில்லிஅம்பியர். அறையை இருட்டாக்கினாலும் எரிகிறதா இல்லையா என்று சண்டை வரும். மூன்று காய்க்கு 0.20, நாலு காய்க்கு 0.28 மில்லிஅம்பியர். கையைக் குவித்து நிழலில் பார்த்தால் சிவப்புத் தெளிவாகத் தெரியும்.

பத்துக் காய் வைத்தால் பத்து மடங்கு வெளிச்சம் வருமா? வராது. ஒவ்வொரு காயும் 0.93 வோல்ற்றைக் கொண்டுவரும்போது தன் 1800 ஓமையும் கூடவே கொண்டுவருகிறது. காயின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் ஓட்டம் 0.93 ÷ 1800, அதாவது 0.5 மில்லிஅம்பியரைத் தாண்டாது. விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் ஒரு கிலோ தேசிக்காயை வீணாக்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

உண்மையில் அந்த 1800 ஓம் முழுவதும் சாற்றின் தடையல்ல. பெரும்பங்கு செம்பின் மேற்பரப்பில் இருக்கிறது. நாகம் இலத்திரனை எளிதாக விட்டுவிடும். செம்பின்மேல் H⁺ அயன் வந்து இலத்திரனை வாங்கி, இரண்டிரண்டாகச் சேர்ந்து H₂ ஆவதுதான் மெதுவான வேலை. 2.5 செ.மீ. ஆழத்துக்குக் குத்திய 1/1.13 கம்பியின் மேற்பரப்பு 1 சதுர செ.மீ. கூட இல்லை. வாங்கும் இடம் ஒடுக்கமாக இருந்தால் கொடுப்பவர் எவ்வளவு தாராளமாக இருந்து என்ன பயன்?

எனவே மாற்ற வேண்டியது செம்பின் பரப்பு. காயைப் பிழிந்து, சாற்றை வடித்து, கழுவிய யோகட் கோப்பையில் ஊற்றுங்கள். ஒரு கோப்பைக்கு 40 மி.லீ. போதும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தாலும் பெரிய குறை வராது. 30 செ.மீ. செம்புக் கம்பியைப் பென்சிலில் சுற்றிச் சுருளாக்கி அமிழ்த்தினால் பரப்பு 10 சதுர செ.மீ. ஆகிவிடும். நாகத் தகட்டையோ இரண்டு மூன்று ஆணிகளையோ பக்கத்தில், முட்டாமல், 1 செ.மீ. தூரத்தில் நிறுத்துங்கள். அதே தடையியால் மறுபடி அளந்தால் வோல்ற்று முன்புபோல் விழாது. இப்படி மூன்று கோப்பை, நாலு காயைவிட நன்றாக எரியும்.

விளக்கு வேண்டாம், ஏதாவது ஓடினால் போதும் என்றால் திரையில் இலக்கம் காட்டும் சிறு எல்.சி.டி. கடிகாரம் நல்லது. அதற்குச் சில மைக்ரோஅம்பியரே போதும், இரண்டு காய் தாங்கும். முள் உள்ள சுவர்க்கடிகாரம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே தடவையில் கூடிய ஓட்டம் இழுப்பதால் தடுமாறி நிற்கும்.

மூன்று கலம் தொடுத்தும் ஒரு கலத்தின் வோல்ற்றுத்தான்

ஒன்று தலைகீழாக இருக்கிறது. 0.93 + 0.93 − 0.93 என்றால் மிஞ்சுவது 0.93. ஒரு காயின் செம்பிலிருந்து போகும் வயர் அடுத்த காயின் நாகத்துக்குப் போகிறதா என்று விரலால் தொட்டுத்தொட்டு எண்ணுங்கள்.

இன்னொரு காரணம், காய்களை ஒரே ஈரத் தட்டில் வைத்திருப்பது, அல்லது எல்லா மின்வாய்களையும் ஒரே சாற்றில் அமிழ்த்தியிருப்பது. சாறு பொதுவானால் அயன்கள் குறுக்கு வழியில் போகும். தொடர் இணைப்புக்கு ஒவ்வொரு கலத்தின் சாறும் தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும்.

முதலில் எரிகிறது, பிறகு மங்குகிறது

செம்பில் ஐதரசன் படிகிறது. இதை முனைவாக்கம் என்பார்கள். வாயு மூடிய பரப்பில் H⁺ வந்து இலத்திரனை வாங்க இடமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. முதல் சில நிமிடங்களில் செம்பிலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலமும் சாற்றில் கரைந்த ஒட்சிசனும் கூட இலத்திரனை வாங்கிக்கொள்கின்றன, H⁺ ஐவிட இலகுவாகவே. அவை தீர்ந்ததும் வோல்ற்று இறங்குகிறது. செம்பை வெளியே எடுத்துத் துடைத்து, காற்றில் ஒரு நிமிடம் பிடித்து, மறுபடி இறக்குங்கள். விளக்குச் சட்டென்று கூடினால் நோய் இதுதான். கூடவில்லை என்றால் நாகம் தீர்ந்திருக்கிறது, அல்லது காய் காய்ந்திருக்கிறது.

"செம்பில்தான் தாழ்த்தல் என்றால் செம்பு ஏன் தடிக்கவில்லை?"

இது கருவியின் பழுதல்ல, விளக்கத்தின் பழுது. பாடநூலில் வரும் தானியல் கலத்தில் செம்புச் சல்பேற்றுக் கரைசல் இருக்கிறது, எனவே Cu²⁺ தாழ்ந்து செம்பாகப் படியும். தேசிக்காய்ச் சாற்றில் படிவதற்கு Cu²⁺ இல்லை. இருப்பது சித்திரிக்கமிலம் தரும் H⁺. செம்பு இங்கே இலத்திரனைக் கைமாற்றும் மேடை மட்டுமே.

இதை வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. தெளிந்த கிளாசில் சாற்றை ஊற்றி நாகத்தையும் செம்பையும் தனித்தனியே நிறுத்துங்கள். வயர் இணைக்காதவரை குமிழ் நாகத்தில் மட்டும் மெல்ல எழும், செம்பு சும்மா இருக்கும். இரண்டையும் வெளியே வயரால் நேராக இணைத்து, பத்து நிமிடம் விட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். இப்போது செம்பில் சிறு குமிழ்கள் ஒட்டியிருக்கும். செம்பு கரையவில்லை, ஆனாலும் வாயு அதன்மேல் வருகிறது. இலத்திரன் வயர் வழியே வந்துசேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை.

அடுத்து செம்பை எடுத்துவிட்டு இரு பக்கமும் சீவிய பென்சிலின் கரிமுனையைச் சாற்றில் இறக்குங்கள். மானி மறுபடியும் வோல்ற்று காட்டும். செம்பே தாழ்த்தப்படும் பொருளாக இருந்தால் இது நடக்காது. நாகத்தை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் செம்பை வைத்தால் ஏறக்குறைய பூச்சியம். சக்தி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

"நாகம் கரைகிறது என்றீர்கள், நிறை குறையவே இல்லையே"

குறைந்திருக்கிறது, தராசுக்குத் தெரியவில்லை. 0.3 மில்லிஅம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.08 கூலோம். அதை 2 × 96 500 ஆல் பிரித்து 65.4 ஆல் பெருக்கினால் 0.00037 கிராம். 0.01 கிராம் வரை காட்டும் பாடசாலைத் தராசில் இது எங்கே தெரியும்? வயரால் நேராக இணைத்த கோப்பையை இரண்டு மூன்று நாள் விட்டு, நாகத் தகட்டைக் கழுவி உலர்த்தி நிறுத்தால் தெரியும். ஆனால் கணக்கிட்டதைவிடக் கூடுதலாகக் குறைந்திருக்கும். நாகத்தின் ஒரே பரப்பிலேயே ஒரு புள்ளி இலத்திரனை விட, பக்கத்துப் புள்ளியில் H⁺ அதை வாங்கிவிடுவதால் வயருக்கு வராமலே கொஞ்சம் கரைகிறது. இணைக்காதபோதும் நாகத்தில் எழுந்த அந்தக் குமிழ்கள் இதனால் வந்தவைதான்.

"தேசிக்காய் இல்லாவிட்டால் மின் வராதோ?"

உப்புவெளி அல்லது நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு போத்தல் கடல்நீர் எடுத்து வாருங்கள். கொட்டியாரக் குடாப் பக்கம் மழைக்காலத்தில் மகாவலித் தண்ணீர் கலப்பதால் உப்பு குறைந்திருக்கும், அதனால் திறந்த கடற்கரை நல்லது. அதே நாகத்தையும் அதே செம்பையும் அமிழ்த்தினால் 0.8 வோல்ற்று அளவில் வரும். கடல்நீர் அமிலம் அல்ல, அதன் pH 8 அளவு. H⁺ மிகக் குறைவு. அப்படியிருக்க இலத்திரனை வாங்குவது யார்? கரைந்திருக்கும் ஒட்சிசன்:

```
O₂ + 2H₂O + 4e⁻ → 4OH⁻
```

நாகத்தின் வரியில் ஒரு எழுத்தும் மாறவில்லை, வாங்குபவர் மட்டும் மாறிவிட்டார். இரண்டு கோப்பைகளையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அரைத்தாக்கங்களையும் எழுதச் சொல்லுங்கள்.

பாவித்த காய், சாறு எதையும் குடிக்கவோ சமையலுக்கு எடுக்கவோ கூடாது, நாகமும் சிறிதளவு செம்பும் அதில் கரைந்திருக்கும். நிறையத் தண்ணீர் விட்டு ஆய்கூடத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஆணிகளைக் கழுவித் துடைத்து வையுங்கள்.